அடக்கத்துக்கு மேல் 25 வைத்தால் கையில் நிற்பது 20: கடை விலைப்பட்டியலைத் திருத்தும் முழு வழி

எங்களுடையது ஹார்டுவேர் கடை. ஆணி, கீல், தாழ்ப்பாள், ஸ்க்ரூ, கயிறு, குழாய்ச் சாமான், பெயிண்ட் டப்பா, கொஞ்சம் எலக்ட்ரிக்கல். விலை வைப்பதில் அப்பா காலத்திலிருந்து ஒரே வழக்கம்தான். அடக்கம் என்னவோ அதற்கு மேல் கால் பங்கு. நூறு ரூபாய்க்கு வாங்கினால் நூற்றிருபத்தைந்து. அடக்கத்தை அப்பா பெட்டியின் பக்கவாட்டில் பென்சிலால் சங்கேத எழுத்தில் எழுதி வைப்பார். நான் கடைக்கு வந்த பிறகு அதை ஒரு நோட்டுக்கும், அப்புறம் கம்ப்யூட்டருக்கும் மாற்றினேன். கால் பங்கு மட்டும் மாறவில்லை.

வியாபாரம் குறையவில்லை, கல்லாவில் பணம் புழங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. எங்கே ஒழுகுகிறது என்று தேடிப் பார்த்தபோது, விலைப்பட்டியலில்தான் ஓட்டை என்று தெரிந்தது. அதைக் கண்டுபிடித்துத் திருத்திய முறையை அப்படியே எழுதுகிறேன். மளிகை, ஸ்டேஷனரி, ஃபேன்சி என்று எந்தச் சில்லறைக் கடைக்கும் கணக்கு இதேதான். என் கையில் இருப்பது ஆணியும் கீலும் என்பதால் உதாரணமும் அவைதான்.

## இரண்டு சதவீதம், இரண்டு அடிப்படை

100 ரூபாய் அடக்கமுள்ள பொருளை 125க்கு விற்கிறோம். லாபம் 25 ரூபாய். இந்த 25ஐ எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அடக்கமான 100உடன் ஒப்பிட்டால் 25 சதவீதம். இதற்கு மார்க்அப் என்று பெயர். விற்ற விலையான 125உடன் ஒப்பிட்டால் 20 சதவீதம். இதற்கு மார்ஜின் என்று பெயர். ரூபாய் ஒன்றுதான், சதவீதம் வேறு.

இது வெறும் பெயர் வித்தியாசமாக இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், கடையின் செலவை நாம் எப்போதும் விற்பனையோடுதான் ஒப்பிடுகிறோம். "மாசம் நாலு லட்சம் வியாபாரம், எண்பத்து நாலாயிரம் செலவு, அப்போ 21 சதவீதம் செலவு" என்போம். நான் மனதில் போட்டு வைத்திருந்த கணக்கும் அதுதான்: 25 வைக்கிறோம், 21 செலவு, 4 மிச்சம். நாலு லட்சத்தில் 4 சதவீதம் என்றால் 16,000 ரூபாய். அந்த 25 அடக்கத்தின் மேல் உள்ளது, 21 விற்பனையின் மேல் உள்ளது. இரண்டையும் கழிப்பது மீட்டரிலிருந்து அடியைக் கழிப்பது மாதிரி. ஒரே அடிப்படையில் வைத்துப் பார்த்தால் 20இல் 21 போகிறது. மிச்சம் இல்லை, ஒரு சதவீதம் பள்ளம்.

மனக்கணக்காக மாற்ற ஒரு எளிய வழி உண்டு. பின்னமாக யோசியுங்கள். அடக்கத்துக்கு மேல் நாலில் ஒரு பங்கு வைத்தால், விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கு கிடைக்கும். மூன்றில் ஒன்று வைத்தால் நாலில் ஒன்று. அரை வைத்தால் மூன்றில் ஒன்று. அடக்கத்துக்கே சமமாக, அதாவது ஒன்றுக்கு ஒன்று வைத்தால் விற்பனையில் பாதி. கீழே உள்ள எண்ணில் ஒன்றைக் கூட்டினால் போதும். திருப்பிப் போகவேண்டுமென்றால் ஒன்றைக் குறையுங்கள். விற்பனையில் கால் பங்கு நிற்க வேண்டுமா, அடக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு வைக்க வேண்டும்.

பின்னத்தில் அடங்காத எண்களுக்குச் சூத்திரம்:

```
மார்ஜின் %  = மார்க்அப் × 100 / (100 + மார்க்அப்)
மார்க்அப் % = மார்ஜின் × 100 / (100 − மார்ஜின்)
விலை       = அடக்கம் / (1 − மார்ஜின்/100)
```

மூன்றாவது வரிதான் தினமும் பயன்படும். 25 சதவீத மார்ஜின் வேண்டுமென்றால் அடக்கத்தை 0.75ஆல் வகுக்க வேண்டும். 30 வேண்டுமென்றால் 0.70ஆல். இந்தச் சின்ன அட்டவணையைக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன்.

| விற்பனையில் நிற்க வேண்டியது (%) | அடக்கத்தை எதால் வகுக்க | அடக்கத்துக்கு மேல் வைக்க வேண்டியது (%) |
|---|---|---|
| 10 | 0.90 | 11.11 |
| 15 | 0.85 | 17.65 |
| 20 | 0.80 | 25.00 |
| 25 | 0.75 | 33.33 |
| 30 | 0.70 | 42.86 |
| 40 | 0.60 | 66.67 |
| 50 | 0.50 | 100.00 |

கீழே போகப் போக இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரம் விரிவதைக் கவனியுங்கள். 10 சதவீதத்தில் வித்தியாசம் ஒரு புள்ளிதான், அதனால் குறைந்த லாபத்தில் விற்பவர்களுக்கு இந்தத் தவறு பெரிதாகத் தெரியாது. 40க்குப் போனால் 27 புள்ளி. அதிக லாபம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பொருளில்தான் ஏமாற்றமும் அதிகம்.

நான் முதலில் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். மார்ஜின் 20தான், 25 வேண்டும், 5 குறைகிறது என்று தெரிந்ததும், பட்டியல் முழுக்க 25க்குப் பதில் 30 வைத்தேன். அப்படி வைத்தால் கிடைப்பது 23.08தான். 25 வர 33.33 வைக்க வேண்டும். விலையும் 5 சதவீதம் ஏறினால் போதாது. 125 ரூபாய் 133.33 ஆக வேண்டும், அதாவது 6.67 சதவீத ஏற்றம்.

## முதலில் கடை முழுக்க எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள்

ஒவ்வொரு பொருளாகத் தொடுவதற்கு முன்னால் மொத்தத்தைப் பார்க்க வேண்டும். பட்டியல் சொல்வதும் கடையில் நடப்பதும் ஒன்றாக இருக்காது. இதற்குக் குறைந்தது மூன்று மாதக் கணக்கு வேண்டும். ஒரு மாதத்தில் ஒரு லோடு முன்னே பின்னே வந்தாலே படம் மாறிவிடும்.

மார்ச் 31 அன்று ஸ்டாக் எண்ணி வைத்திருந்தோம், அடக்க விலையில் 9,00,000. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை வாங்கிய சரக்கு, லாரி வாடகையும் இறக்கு கூலியும் சேர்த்து 10,20,000. ஜூன் கடைசியில் மறுபடி எண்ணினோம், 9,30,000. முதலில் இருந்ததும் வாங்கியதும் 19,20,000. அதில் மிச்சம் இருப்பதைக் கழித்தால் 9,90,000. மூன்று மாதத்தில் விற்றுப்போன சரக்கின் அடக்கம் இதுதான். அதே மூன்று மாத விற்பனை, ஜிஎஸ்டி இல்லாமல், 12,00,000. ஆக மொத்த லாபம் 2,10,000. விற்பனையில் 17.5 சதவீதம்.

25 என்று நினைத்தது, கணக்குப்படி 20 ஆக வேண்டியது, உண்மையில் 17.5. செலவு மூன்று மாதத்துக்கு 2,52,000. வாடகை, இரண்டு பேர் சம்பளம், கரண்ட், கடன் வட்டி, பெட்ரோல், பில் எழுதுபவர் கூலி, எனக்கும் ஒரு சம்பளம். கடைசியாகச் சொன்னதைப் பலர் சேர்ப்பதில்லை. நாம் கடையில் நிற்காவிட்டால் வேறு ஒருவருக்குக் கொடுத்துத்தானே ஆக வேண்டும், சேருங்கள். 2,10,000இல் 2,52,000 போனால் 42,000 பள்ளம். பாக்கி ஏன் ஏறியது என்பதற்கு அப்போதுதான் பதில் கிடைத்தது.

20க்கும் 17.5க்கும் நடுவே தொலைந்த இரண்டரை எங்கே போனது? அதற்குத்தான் அடுத்த படி.

## அடக்கம் என்பது பில்லில் உள்ள விலை அல்ல

சூத்திரம் சரியாக இருந்தாலும் அதில் போடும் அடக்கம் தவறு என்றால் விலை தவறாகத்தான் வரும். ஒரு மூட்டை கம்பி ஆணியை எடுத்துக்கொள்வோம்.

50 கிலோ மூட்டை. பில்லில் வரிக்கு முன் கிலோ 68 ரூபாய், மூட்டை 3,400. லாரி வாடகையிலும் இறக்கு கூலியிலும் அந்த மூட்டையின் பங்கு 100. மொத்தம் 3,500. வாடகையை எப்படிப் பிரிப்பது என்று கேட்பீர்கள். ஆணி, கம்பி மாதிரி கனமான சரக்கென்றால் எடைக்கு எடை பிரியுங்கள், விலைக்கு விலை பிரித்தால் லேசான பொருளின் மேல் அநியாயமாகச் சுமை ஏறும்.

இனி சேதாரம். மூட்டையில் 50 கிலோ இருந்தாலும் 50 கிலோவும் காசாகாது. அடியில் துரு பிடித்தது கொஞ்சம், கொட்டிச் சிதறியது கொஞ்சம், தராசில் முள் சாயும் வரை போடும் ஒரு கைப்பிடி. இரண்டு மூட்டையை முழுக்க விற்றுப் பார்த்து, பில் போட்ட எடையைக் கூட்டினேன். மூட்டைக்கு 49 கிலோதான் வந்தது. ஆக 3,500ஐ 49ஆல் வகுத்தால் கிலோ 71.43. இதுதான் அடக்கம், 68 அல்ல.

அப்புறம் ஜிஎஸ்டி. நாங்கள் வழக்கமான முறையில் ஜிஎஸ்டி கட்டுபவர்கள். வாங்கும்போது கட்டும் வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், அதனால் அது அடக்கத்தில் சேராது. விற்கும்போது வாங்கும் வரியும் நம் பணம் இல்லை, அதனால் விற்பனை விலையிலும் சேராது. இரண்டு பக்கமும் வரியைக் கழற்றிவிட்டுத்தான் மார்ஜின் பார்க்க வேண்டும். நீங்கள் காம்போசிஷன் முறையில் இருந்தால் கதை வேறு. வாங்கும்போது கட்டிய வரி திரும்ப வராது, அது அப்படியே அடக்கத்தில் சேரும். வாடிக்கையாளரிடம் வரி தனியாக வாங்கவும் முடியாது. கட்டும் 1 சதவீதம் கடைச் செலவில் போகும்.

பட்டியலில் ஆணி கிலோ 100 ரூபாய், வரி உட்பட. அது எப்படி வந்தது என்றால், 68க்குக் கால் பங்கு சேர்த்து 85, அதற்கு 18 சதவீத வரி சேர்த்து 100.30, சில்லறைக்காக 100. இப்போது கணக்குப் பார்ப்போம். 100ஐ 1.18ஆல் வகுத்தால் நமக்கு வருவது 84.75. அடக்கம் 71.43. நிற்பது 13.32. அதை 84.75ஆல் வகுத்தால் 15.7 சதவீதம்.

இந்த இடத்தில் ஒரு மாயை இருக்கிறது. வரியைக் கழற்றாமல் 100இலிருந்து 71.43ஐக் கழித்தால் 28.57 வரும், ஆஹா 28 சதவீதம் நிற்கிறதே என்று தோன்றும். அதில் பாதிக்கு மேல் அரசாங்கத்துக்குப் போகவேண்டிய வரி. வாங்கும் விலையை வரி இல்லாமலும் விற்கும் விலையை வரியோடும் எழுதி வைத்திருக்கும் பட்டியலில் இந்தத் தவறு பொருளுக்குப் பொருள் ஒளிந்திருக்கும். உங்கள் பட்டியலில் எதைத் தொட்டாலும் மார்ஜின் நன்றாகவே தெரிகிறது, ஆனால் ஸ்டாக் எண்ணிப் பார்த்தால் இல்லை என்றால், முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

25 சதவீதம் நிற்க வேண்டுமென்றால் ஆணியின் விலை: 71.43ஐ 0.75ஆல் வகுத்து 95.24, வரி சேர்த்து 112.38. நாங்கள் 112 வைத்தோம். அதில் வரி போக 94.92, நிற்பது 23.49, மார்ஜின் 24.7. காலும் அரையும் குறைவதில் தப்பில்லை, ஆணிக்கு 113 என்பதைவிட 112 சொல்வது சுலபம்.

இரும்பு விலை அடிக்கடி ஏறி இறங்கும். பழைய மூட்டை மலிவாக வாங்கியதுதான் என்றாலும் அடுத்த மூட்டை என்ன விலைக்கு வருமோ அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறேன். விற்ற காசில் அதே மூட்டையைத் திரும்ப வாங்க முடியவில்லை என்றால் லாபம் காகிதத்தில் மட்டும்தான்.

## எல்லாப் பொருளுக்கும் ஒரே எண் போடாதீர்கள்

எங்கள் செலவு 21, மிச்சம் 4 வேண்டும், ஆக கடை மொத்தத்துக்கும் 25. ஆனால் 25ஐ எல்லாவற்றிலும் வைக்க முடியாது. டேப், பசை, பெயிண்ட், குழாய் மாதிரி எம்ஆர்பி அச்சிட்ட சரக்கில் அதற்கு மேல் வாங்குவது சட்டப்படி குற்றம். அங்கே மேல் எல்லையை வேறொருவர் போட்டுவிட்டார். எம்ஆர்பியில் வரியும் சேர்ந்தே இருக்கிறது, அதனால் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். எம்ஆர்பி 118, வரி 18 சதவீதம் என்றால் நமக்கு 100. அடக்கம் 86 என்றால் மார்ஜின் 14. அவ்வளவுதான், அதைச் சூத்திரத்தால் உயர்த்த முடியாது. வாங்கும் விலையைக் குறைக்கப் பேசலாம், எம்ஆர்பியிலிருந்து நாமாகக் கொடுக்கும் தள்ளுபடியை நிறுத்தலாம்.

எங்கள் விற்பனையில் ஏறத்தாழ 30 சதவீதம் இப்படிப்பட்ட சரக்கு, அதில் சராசரியாக 14 நிற்கிறது. மொத்த 25க்கு அதன் பங்கு 0.30 × 14, அதாவது 4.2. மீதி 20.8ஐ, நாமே விலை வைக்கும் 70 சதவீத விற்பனைதான் கொண்டுவர வேண்டும். 20.8ஐ 0.70ஆல் வகுத்தால் 29.7. ஆக உதிரிச் சாமானில் சராசரி 30 நிற்க வேண்டும், அடக்கத்தை 0.70ஆல் வகுக்க வேண்டும். கால் பங்கு வைத்துக்கொண்டிருந்த இடத்தில் வைக்க வேண்டியது 43 சதவீதம். இந்த எண்ணை முதலில் பார்த்தபோது எனக்கே பயமாகத்தான் இருந்தது.

அந்த 30உம் சராசரிதான். கொத்தனாருக்கு ஆணி கிலோ என்ன விலை என்று மனப்பாடம். மூன்று கடையில் கேட்டுவிட்டுத்தான் வருவார். அதில் 25க்கு மேல் போகவில்லை. ஆனால் கொக்கி, வாஷர், சின்ன ஸ்க்ரூ பத்து, கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் என்று கேட்பவர் விலையை நினைவில் வைத்திருப்பதில்லை. அவருக்கு வேண்டியது சரியான அளவு, இப்போதே. இவற்றை எண்ணி எடுத்துக் கொடுப்பதற்குத்தான் நம் ஆளுக்கு நேரமும் அதிகம் ஆகிறது. அங்கே 40 வைப்பதில் அநியாயம் எதுவும் இல்லை.

நடுவில் நிற்பது 4 அங்குலக் கீல். அடக்கம் 22. பழைய விலை 32, வரி போக 27.12, மார்ஜின் 18.9. 0.70ஆல் வகுத்தால் 31.43, வரி சேர்த்து 37.09. நாங்கள் 38 வைத்தோம், மார்ஜின் 31.7. ஒரே நாளில் 32லிருந்து 38க்குத் தாவாமல் முதலில் 35, அடுத்த பெட்டி வந்தபோது 38. எங்களிடம் வருஷக்கணக்காக வாங்கும் ஆசாரி ஒருவர் கீலை விரித்து மூடிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "என்ன தம்பி, கீலு விலை ஏறிடுச்சா?"

"ஆமாண்ணே. இத்தனை நாளும் கணக்குத் தப்பாப் போட்டு வித்துட்டு இருந்தோம், இப்பத்தான் சரி பண்ணியிருக்கோம்" என்றேன். ஆறு ஜோடி எண்ணி எடுத்துக்கொண்டார். பொய்யாக ஒரு காரணம் சொல்லியிருந்தால் அடுத்த முறை அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசியிருப்பார்.

விலையைக் கூட்டினால் ஆள் போய்விடுவாரே என்பது நியாயமான பயம். அதற்கும் கணக்கு உண்டு. ஆணியில் முன்பு கிலோவுக்கு 13.32 நின்றது, இப்போது 23.49. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.57. முன்பு 100 கிலோ விற்று எடுத்த லாபத்தை இப்போது 57 கிலோவிலேயே எடுத்துவிடலாம். விற்பனை அதற்குக் கீழே போனால்தான் ஏற்றியது நஷ்டம். ஒரு எச்சரிக்கை: ஆணிக்கு வருபவர் ஆணி மட்டும் வாங்கிப் போவதில்லை. அவர் வராமல் போனால் கூடவே வாங்கும் மற்றதும் போகும். ஆகவே கூட்டத்தை இழுக்கும் ஐந்தாறு பொருளில் இந்தக் கணக்கை முழுதாக நம்பாதீர்கள், பக்கத்துக் கடை விலையையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

## பட்டியலை வரிசைப்படுத்தும் முறை

எங்கள் பட்டியலில் எண்ணூறுக்கு மேல் பொருள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்த உட்கார்ந்தால் பாதியில் விட்டுவிடுவோம். ஒரு ஷீட்டில் போட்டு, எதில் பணம் அதிகம் ஒழுகுகிறதோ அதை மேலே கொண்டுவாருங்கள். A பொருளின் பெயர், B உண்மையான அடக்கம், C வரி உட்பட இப்போதைய விலை, D வரி விகிதம், E வேண்டிய மார்ஜின், F மாதம் விற்கும் அளவு. வரியையும் மார்ஜினையும் 18%, 30% என்று சதவீதக் குறியோடு உள்ளிடுங்கள். மீதி நான்கு கட்டமும் தானாக வரும்:

```
G2:  =C2/(1+D2)
H2:  =(G2-B2)/G2
I2:  =B2/(1-E2)*(1+D2)
J2:  =(I2-C2)/(1+D2)*F2
```

G வரி போக நமக்கு வருவது, H இப்போது நிற்கும் மார்ஜின், I வைக்க வேண்டிய விலை, J மாதத்துக்கு எவ்வளவு ரூபாய் விட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது. J கட்டத்தைப் பெரியதிலிருந்து சின்னதாக வரிசைப்படுத்துங்கள். மார்ஜின் மிகக் குறைந்த பொருள்தான் மேலே வரும் என்று நினைத்தேன், அப்படி வரவில்லை. வருடத்துக்கு நாலு விற்கும் ஒரு பெரிய பூட்டு 6 சதவீதத்தில் இருந்தது, அது கீழேதான் கிடந்தது. மேலே வந்தவை ஆணி, கட்டுக்கம்பி, கீல், கயிறு மாதிரி தினமும் போகிறவை. முதல் நாற்பது பொருளைத் திருத்தியதுமே முக்கால்வாசி வேலை முடிந்துவிட்டது. J கழித்தலில் வந்தால் அந்தப் பொருள் ஏற்கெனவே போதுமான விலையில் இருக்கிறது, தொடாதீர்கள்.

பில் போடும் மென்பொருளில் லாப சதவீதம் கேட்கும் கட்டம் இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். அடக்கம் 100, லாபம் 25 என்று போட்டுப் பாருங்கள். விலை 125 வந்தால் அது அடக்கத்தின் மேல் கணக்கிடுகிறது. 133.33 வந்தால் விற்பனையின் மேல். எது என்று தெரியாமல் 30 என்று அடித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

## தள்ளுபடியைப் பட்டியலிலேயே யோசியுங்கள்

திருத்திய விலையையும் கல்லாவில் உட்கார்ந்தபடியே கரைத்துவிடலாம். 100 ரூபாய் அடக்கத்தை 133.33க்குப் போட்டிருக்கிறோம், 25 நிற்கும். வாடிக்கையாளர் கேட்டார் என்று 5 சதவீதம் குறைத்தால் கைக்கு வருவது 126.67. லாபம் 26.67, மார்ஜின் 21. எங்கள் செலவே 21. குறைத்தது ஐந்தே சதவீதம், போனது மிச்சம் முழுவதும். பழைய 125 விலையில் 10 சதவீதம் குறைத்தால் இன்னும் மோசம், 25 ரூபாய் லாபத்தில் பாதி போய் 12.50தான் நிற்கும்.

மொத்தமாக எடுக்கும் காண்ட்ராக்டருக்குக் குறைக்காமல் இருக்க முடியாது. அப்படிப்பட்ட பொருளுக்கு முதலிலேயே இடம் விட்டு விலை வையுங்கள். 133.33ஐ 0.95ஆல் வகுத்தால் 140.35. அதிலிருந்து 5 சதவீதம் குறைத்தால் சரியாக 133.33க்கு வந்து நிற்கும். 133.33உடன் 5 சதவீதம் கூட்டினால் 140தான் வரும், அதிலிருந்து 5 குறைத்தால் 133க்கு வந்துவிடும். இங்கேயும் கூட்டக் கூடாது, வகுக்க வேண்டும்.

## மூன்று மாதம் கழித்து

ஜூலையில் திருத்தத் தொடங்கினோம். செப்டம்பர் கடைசியில் மறுபடி ஸ்டாக் எண்ணி, முதலில் போட்ட அதே கணக்கைப் போட்டோம். 17.5 என்பது 22.6 ஆகியிருந்தது. 25 வரவில்லை. மாற்றம் நடந்தது பாதி வழியில் என்பது ஒரு காரணம். பட்டியல்படி வரவேண்டியதும் எண்ணிப் பார்த்ததும் இன்னும் ஒத்துப்போகாத இடம் ஒன்று இருந்தது, அது கயிறு.

கயிற்றைக் கிலோவில் வாங்குகிறோம், மீட்டரில் விற்கிறோம். சுருளிலிருந்து 10 மீட்டர் வெட்டி எடை போட்டேன், 300 கிராம். கிலோ அடக்கம் 150 என்றால் 10 மீட்டர் 45, மீட்டர் நாலரை ரூபாய். 0.70ஆல் வகுத்து வரிக்கு முன் 6.43 என்று விலையும் சரியாகத்தான் வைத்திருந்தேன். அப்படியும் கயிறு ஒத்து வரவில்லை. ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். கடைப் பையன் கயிற்றைக் கைநீட்டி, எதிர்ப்பக்கத் தோளிலிருந்து விரல் நுனி வரை இழுத்து அளக்கிறான். அவன் உயரமான பையன். ஒவ்வொரு இழுப்பிலும் கொஞ்சம் கூடுதல். அவன் 10 மீட்டர் என்று வெட்டி வைத்ததை டேப் போட்டு அளந்தேன், 10 மீட்டர் 60 சென்டிமீட்டர் இருந்தது. நூறு மீட்டர் விற்றால் ஆறு மீட்டர் சும்மா போகிறது. மீட்டரின் அடக்கம் 4.50 அல்ல, 4.77. அதற்கு விலை 6.81.

விலையை ஏற்றவில்லை. கவுன்டர் பலகையில் டேப்பை வைத்து, சரியாக ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு பித்தளை ஆணி அடித்தேன். இப்போது கயிற்றை அதற்கு நடுவில் வைத்துத்தான் அளக்கிறோம்.